சீவாளியும் ஒரு ரீடுதானே, சார்?

அக்கூஸ்டிக்ஸ் எலெக்டிவ் வைவாவில் நான் ரொம்ப தைரியமாகச் சொன்ன ஒரு வரி: "ரீடு வைத்த குழாய்க் கருவி, ஒரு முனை மூடிய குழாய் மாதிரி சார். அதனால் ஒற்றைப்படை ஹார்மோனிக் மட்டும்தான் வரும்."

சார் தலையாட்டினார். "நாதஸ்வரத்துல இருக்கிற சீவாளி என்ன?"

"ரீடுதான் சார்."

"அப்போ நாதஸ்வரத்துலயும் ஒற்றைப்படைதானா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பதில் தப்பு என்பது அவர் பேனாவைக் கீழே வைத்த விதத்திலேயே தெரிந்தது. பத்துக்கு நாலு.

புத்தகம் சொல்வது இவ்வளவுதான். ஒரு கருவி 147 ஹெர்ட்ஸில் ஒலித்தால், கூடவே 294, 441, 588 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கும். காது அவற்றைத் தனித்தனியாகக் கேட்காது. ஒரே சுருதியாகச் சேர்த்துக்கொள்ளும். எந்த மடங்கு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைத்தான் 'கருவியின் குரல்' என்று உணர்கிறோம். இதை மனப்பாடம் செய்ய எனக்குக் கஷ்டமே இல்லை. எந்த மடங்கு வரும், வராது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று மட்டும் யோசிக்கவே இல்லை.

அந்த நாலு மார்க் உறுத்தியது. ஹாஸ்டலில் பிளம்பிங் வேலை முடிந்து கிடந்த அரை இஞ்ச் பிவிசி பைப்பில் 30 செ.மீ. வெட்டி எடுத்து, புல்லாங்குழல் ஊதுகிற மாதிரி அதன் வாயில் குறுக்கே ஊதினேன். போனில் டியூனர் 550 ஹெர்ட்ஸ் காட்டியது. அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து ஊதினால் 279. நீளம் அதேதான், சுருதி மட்டும் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே. (சரியாகப் பாதி 275. திறந்த முனையில் காற்று குழாய்க்கு வெளியேயும் கொஞ்சம் சேர்ந்து ஆடும், அதனால் குழாய் சற்று நீளமாக நடந்துகொள்ளும். கை வைத்தால் அந்த நீட்டல் போய்விடும். அதுதான் அந்த 4 ஹெர்ட்ஸ்.)

அடுத்து பலமாக ஊதிப் பார்த்தேன். திறந்த பைப் மேல் ஸட்ஜமத்துக்குத் தாவியது, அதாவது இரண்டு மடங்கு. மூடிய பைப் அங்கே நிற்காமல் நேராக மூன்று மடங்குக்கு, மேல் பஞ்சமத்துக்குப் போனது. காரணம் எளிமையானது. திறந்த முனையில் அழுத்தம் வெளிக்காற்றோடு சமமாகிவிடும், அதனால் அங்கே அழுத்த மாற்றம் பூஜ்யம். மூடிய முனையில் அது உச்சம். ஒரு முனை பூஜ்யமும் மறுமுனை உச்சமுமாக அலை பொருந்த வேண்டுமென்றால், குழாய்க்குள் கால் அலை, முக்கால் அலை, ஒன்றேகால் அலை என்றுதான் அடங்கும். இரண்டாவது மடங்குக்கு அங்கே இடமே இல்லை.

பக்கத்து ரூம் நண்பனின் சித்தப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். லீவுக்குப் போனவன் அதைக் கேட்டு வாங்கி வந்தான். எனக்குப் புல்லாங்குழல் ஓரளவு வரும் என்பதால் கிளாரினெட்டும் வந்துவிடும் என்று நினைத்தேன். முதல் அரை மணி நேரம் வந்தது வாத்துச் சத்தம். பிறகு ஒரு ஸட்ஜமம் பிடித்து, இடது கட்டைவிரல் பக்கத்திலிருக்கும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினேன். வந்தது மேல் ஸட்ஜமம் இல்லை, பஞ்சமம்!

"டேய், இது ரிப்பேர்டா."

"உன் மூளைதான்டா ரிப்பேர். சித்தப்பா அப்படித்தான் வாசிப்பாரு."

என் பிவிசி பைப்பைக் கையால் அடைத்தபோது நடந்ததேதான். உள்ளே ஒரே அகலமாகப் போகும் குழாய், ஒரு முனையில் ரீடு. ரீடு திறந்து மூடினாலும் அலையின் கண்ணுக்கு அது மூடிய முனைதான்.

எல்லாத் துளைகளையும் மூடி, கிளாரினெட்டின் அடி சுரம் 147 ஹெர்ட்ஸை ரெக்கார்ட் செய்து Audacity-யில் `Plot Spectrum` பார்த்தேன். முதலில் எல்லாம் குழம்பிய மேடாகத் தெரிந்தது. Size 2048 என்று இருந்ததை 16384 ஆக்கியதும் சிகரங்கள் பிரிந்தன. 147, 441, 735 மூன்றும் பனைமரம் போல் நின்றன. 294-உம் 588-உம் புல் உயரம். ஆனால் 1500 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் இரட்டைப்படையும் ஒற்றைப்படையும் ஏறக்குறைய சம உயரம். ஆக, 'ஒற்றைப்படை மட்டும்' என்பது கீழே உள்ள சில ஹார்மோனிக்குகளுக்குத்தான் செல்லும். இதையும் வைவாவில் சொல்லியிருக்கலாம். போகட்டும்.

சரி, நாதஸ்வரம்? அங்கேயும் சீவாளி இருக்கிறது, அந்த முனையும் மூடியதுதான். வித்தியாசம் உடம்பில். நாதஸ்வரம் மேலே ஒடுங்கி, கீழே போகப்போக விரியும் கூம்பு. கூம்புக்குள் அலை பரவப் பரவ அழுத்தம் குறைந்துகொண்டே வரும், கூர்முனையிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிர்விகிதத்தில். அதனால் இங்கே அழுத்தத்தைத் தனியாகப் பார்க்காமல், அழுத்தம் × தூரம் என்ற பெருக்கலைப் பார்க்க வேண்டும். அதுதான் நேரான குழாயில் அழுத்தம் நடந்துகொள்வது போல நடக்கும். கூர்முனையில் தூரம் பூஜ்யம், பெருக்கலும் பூஜ்யம். அணைசுப் பக்கம் திறந்திருப்பதால் அங்கே அழுத்தம் பூஜ்யம், பெருக்கலும் பூஜ்யம். இரண்டு முனையிலும் பூஜ்யம் என்றால் அது இருபுறமும் திறந்த குழாயின் கணக்கு! எல்லா மடங்கும் வரும். நிஜ நாதஸ்வரத்தில் கூர்முனை வெட்டப்பட்டிருக்கிறது; அந்த இல்லாத முனையை ஏறக்குறைய ஈடுகட்டுவது சீவாளிப் பக்கத்தில் இருக்கும் காற்றறை. சாக்ஸபோனும் இதே கதைதான்: வாய்ப்பகுதி கிளாரினெட் ஜாதி, உடம்பு கூம்பு, தாவுவது ஸ்தாயிக்கு.

அப்படியென்றால் புல்லாங்குழலுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஒரே மடங்குப் பட்டியல். குரல் மட்டும் ஏன் ஒன்றாக இல்லை? குழாய் அனுமதி தருகிறது, அளவை ஊட்டுவது வேறு ஆள். சீவாளி பட்டென்று மூடித் திறக்கும்போது காற்று துடிப்புத் துடிப்பாக உள்ளே போகும். அப்படிக் கூர்மையாக வெட்டிய துடிப்பில் உயர் மடங்குகள் நிறைய. புல்லாங்குழலில் மெதுவாக ஊதும் காற்று விளிம்பில் வழுக்கி ஆடுகிறது, அதில் முதல் சில மடங்குகளுக்கு மேல் பெரிதாக எதுவும் கிடையாது.

இவ்வளவு தெரிந்த பிறகு கிளாரினெட்டை நானே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

```python
import numpy as np
from scipy.io.wavfile import write
t = np.arange(0, 2, 1/44100)
y = sum(np.sin(2*np.pi*147*n*t)/n for n in range(1, 16, 2))
write("odd.wav", 44100, (y/abs(y).max()).astype(np.float32))
```

`range(1, 16, 2)`-ஐ `range(1, 16)` ஆக்கினால் எல்லா மடங்கும் வரும். மாற்றிப் போட்டுக் கேளுங்கள்: முதலாவது உள்ளே குடைந்தது போல, இரண்டாவது கீறுவது போல இருக்கும். வித்தியாசம் நிஜம். ஆனால் நண்பனிடம் முதல் ஃபைலைப் போட்டதும் "என்னடா, யுபிஎஸ் கத்துது" என்றான்.

கோபத்தில் எதிர்ப்பக்கமாகப் போனேன். அவன் சித்தப்பாவின் கிளாரினெட் ரெக்கார்டிங், என் புல்லாங்குழல் ரெக்கார்டிங் இரண்டிலும் சுரம் ஆரம்பிக்கும் முதல் கால் நொடியை வெட்டி, முடிவையும் வெட்டி, நடுவில் அசையாமல் நிற்கும் ஒரு நொடியை மட்டும் வைத்தேன். புல்லாங்குழலில் ஆரம்பத்து 'ஃப்' காற்றுச் சத்தம் போயிற்று, கிளாரினெட்டில் ரீடு பிடிக்கும் அந்தச் சின்ன தடுமாற்றம் போயிற்று. ரூமில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் புல்லாங்குழலை 'ஏதோ கீபோர்டு' என்றார்கள். ஸ்பெக்ட்ரம் படத்தில் ஒரு சிகரம்கூட மாறவில்லை. மடங்குகள் எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் எழுகின்றன என்பது அந்தப் படத்தில் இல்லவே இல்லை. அது முழு நொடிக்கும் சேர்த்து எடுத்த சராசரி.

அடுத்த வாரம் சாரிடம் கூம்புக் கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போனேன். முழுதாகப் பார்த்தார். மார்க் ஏற்கனவே ஏற்றியாகிவிட்டது என்றார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, "துளையெல்லாம் மூடியிருக்கும்போது சரி. பாதித் துளை திறந்திருந்தா கூம்பு எங்க முடியுது?" என்று கேட்டார். கிளாரினெட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.