ரெண்டு ப்ளஸ்

விழிதியூரிலிருந்து சித்தி மகன் போனில் பதறினான். "அண்ணே, அம்மா ரிப்போர்ட் வந்துருச்சு. ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 ரெண்டு ப்ளஸ். மூணுமே பாசிட்டிவ்தானே? அந்த விலை கூடின ஊசிக்கு நிலத்தை அடமானம் வச்சிடவா?"

பி.காம். படித்த எனக்கு ப்ளஸ் என்றாலே வரவு. ஆனால், மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் கணக்கு வேறு.

ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்றால், கட்டி பெண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. அதைத் தடுக்க மாத்திரை உண்டு. குறைந்தது 5 வருடம்.

ஹெர்-2 என்பது செல்லின் மேலிருக்கும் ஒரு புரதம். சாயம் ஏற்றி, எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறது என்று மார்க் போடுவார்கள். 0, 1 ப்ளஸ் என்றால் நெகட்டிவ். 3 ப்ளஸ் பாசிட்டிவ். 2 ப்ளஸ் இரண்டுமில்லை. 'இன்னும் தெரியவில்லை' என்று அர்த்தம். அடுத்து 'ஃபிஷ்' டெஸ்ட் செய்து, அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீன் பெருகியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. லேபில் இருக்கும் அதே மெழுகுக் கட்டி போதும்.

சித்திக்கும் டாக்டர் அதையே எழுதிக் கொடுத்தார். விகிதம் 1.3, ஜீன் எண்ணிக்கையும் குறைவு. நெகட்டிவ்! டிராஸ்டுசுமாப் ஊசி தேவைப்படவில்லை. போட்டிருந்தால் பலனும் இருந்திருக்காது. சிலருக்கு அது இதயத்தையும் பலவீனப்படுத்தும்.

ஃபிஷ் பாசிட்டிவ் என்று வந்திருந்தால் அந்த ஊசியைத் தவிர்ப்பதுதான் ஆபத்து. அதனால், 2 ப்ளஸ் பார்த்தால் பயப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். "ஃபிஷ் செய்தாச்சா?" என்று கேளுங்கள்.