பில்லையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க

போன மாசம் உம்மாவுக்கு பிரஷர் குளிசை வாங்கிய பில்லை ஏழாம் வகுப்புப் பெருக்கல் கணக்காகச் சொல்றேன். 30 குளிசை, ஒன்று 14 ரூபா, மொத்தம் 420. பெட்டியில் அச்சடித்த உச்ச சில்லறை விலை 354. அதை முப்பதால் பிரித்தால் ஒரு குளிசை 11.80. கூடுதல் 66 ரூபா.

இது ஏன் கண்ணில் படுவதில்லை? விலை அநேகமாகப் பெட்டியில்தான் இருக்கும். கதிரவெளியிலிருந்து வாழைச்சேனைக்கு பஸ் ஏறிப் போற நம்ம ஆக்கள் பத்து நாளைக்கென்று அட்டையை வெட்டித்தான் வாங்குவார்கள். பெட்டி கடையிலேயே நின்றுவிடும். அதனால் காசு கொடுக்க முன்னம் பெட்டியைக் காட்டச் சொல்லுங்க. பெட்டியில் உள்ள தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அட்டையில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்க. வேறென்றால் அது வேறு தொகுதி, விலையும் வேறாக இருக்கலாம்.

கடைக்காரத் தம்பி "அது பழைய விலை சேர்" என்றார். 2022இல் டொலர் ஏறியபோது மார்ச்சில் 29 வீதமும், பிறகு 40 வீதமும் மருந்து விலை கூட்டினார்கள். 2023 ஜூனில் 60 மருந்துகளுக்கு 16 வீதம் குறைத்தார்கள். ஆகவே விலை மாறுவது உண்மைதான். ஆனால் கையில் தந்த பெட்டியில் 354 என்றால் அதற்கு மேல் எடுக்க ஏலாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் குறித்த விலையை மீறி விற்பது குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டும் தரவேணும். முறைப்பாட்டு இலக்கம் 1977. அந்த இலக்கத்தைச் சொன்னதும் 66 ரூபா திரும்பி வந்தது.

லேப் கதை இதைவிட நுட்பம். "கொலஸ்ட்ரோல் பக்கேஜ்" என்று ஒரு விலை சொல்வார்கள். பில்லில் எல்.டி.எல். தனியாக ஒரு வரியில் வரும். எல்.டி.எல்.லை அநேக லேப்பில் தனியாக அளப்பதில்லை, கழித்துத்தான் எடுக்கிறார்கள். மொத்தம் 210, எச்.டி.எல். 45, ட்ரைகிளிசரைட் 150 என்று வைங்க. 150ஐ ஐந்தால் பிரித்தால் 30. 210இல் 45ஐயும் 30ஐயும் கழித்தால் 135. அதுதான் எல்.டி.எல். இந்தக் கழித்தலுக்கா தனிக்காசு?

ஒரு விதிவிலக்கு இருக்கு. ட்ரைகிளிசரைட் 400க்கு மேல் போனால் இந்தக் கணக்கு சரிவராது. அப்போது நேரடியாக அளக்கவேணும், அதற்குக் காசு கேட்பது நியாயம். ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைட் 150 என்று இருக்க, பில்லில் நேரடி எல்.டி.எல். என்று இருந்தால் "ஏன் தனியாக அளந்தீங்க, டொக்டர் எழுதினாரா?" என்று கேளுங்க.

எஃப்.பி.சி.யும் அப்படித்தான். ஹீமோகுளோபினும் பிளேட்லட்டும் அதற்குள்ளேயே வரும். இரண்டையும் திரும்ப எழுதியிருந்தால் ஒரே துளி இரத்தத்துக்கு இரண்டு பில். ஈ.எஸ்.ஆர். மட்டும் உண்மையிலேயே வேறு சோதனை.

இரத்தம் எடுக்கும் கட்டணம், வீட்டுக்கு வந்து எடுக்கும் கட்டணம் என்று கடைசியில் சேர்ப்பதும் உண்டு. ஊசி குத்த முன்னமே "எல்லாம் சேர்த்து எவ்வளவு, பக்கேஜுக்குள்ள என்னென்ன?" என்று கேட்டு, அந்தத் துண்டிலேயே எழுதி வாங்குங்க. குத்தின பிறகு கேட்டுப் பயனில்லை.

பில் படம் அனுப்புகிறவங்க பெட்டியின் விலைப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்க. பில் மட்டும் இருந்தால் கணக்குப் பார்க்க ஏலாது.