கிழிந்த தாளுக்கும் ஒரு வரி

புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பழைய செய்தித்தாளைக் கரைத்துக் காகிதம் செய்கிறார்கள் என்று ஆசிரியத் தோழி சொன்னார். கைக்காகிதப் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்த பாட்டி ஒருவர்தான் கற்றுக்கொடுக்கிறார் என்றதும் கிளம்பிவிட்டேன்.

ஐந்து பேர் ஒரு குழு. கிழிப்பவர், கரைப்பவர், அள்ளுபவர், ஒற்றுபவர், எழுதுபவர். வாராவாரம் வேலை மாறும். முந்தின நாளே தாளை விரல்நகம் அளவுக்குக் கிழித்து ஊறப்போட்டிருந்தார்கள். வழவழப்பான தாள் சரியாகக் கரையாது என்பதால் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். மிக்ஸியில் அரைப்பது மட்டும் ஆசிரியர் பொறுப்பு.

பாட்டியின் கண்ணெல்லாம் சட்டத்தின் மேல்தான். ஜன்னல் கொசுவலையை இழுத்து அடித்த மரச்சட்டம் அது. கூழ்த்தொட்டிக்குள் சாய்த்து இறக்கி, நீருக்குள் மட்டமாக்கி, நேராகத் தூக்க வேண்டும். நீர் வடியும்போதே முன்னும் பின்னும் இடமும் வலமும் மெல்ல ஆட்டினால் நார்கள் பின்னிக்கொள்ளும். வடிந்தபின் ஆட்டினால் தாள் விண்டுபோகும். பிறகு ஈர வேட்டித்துணியில் கவிழ்த்து, வலையின் முதுகில் பஞ்சால் ஒற்றினால் தாள் துணிக்கு இறங்கிவிடும். அதன்மேல் பலகை, செங்கல். அப்புறம் நிழலில் காயவேண்டியதுதான்.

எழுதுபவரின் நோட்டில் தாள் எண், போட்ட கூழ், அள்ளியவர், காய்ந்த நேரம், கண்டது என்று ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "1 தடிப்பு. 2 நல்லா இருக்கு. 3 மெலிசு. 4 கிழிஞ்சுது."

அள்ளிய பையனைக் காட்டி, "அவன் ஆட்டுறது சரியில்ல பாட்டி" என்றார்கள் மற்றவர்கள்.

"அப்போ வேற ஆள் அள்ளட்டும். கூழ் அதே அளவு" என்றார் பாட்டி.

தொட்டியை மறுபடி அதே அளவில் நிரப்பினார்கள். வேறொரு பெண் அள்ளினாள். நான்காவது தாள் மறுபடியும் கிழிந்தது. நோட்டில் இருந்த இரண்டு வரிசைகளையும் விரலால் தொட்டுப் பார்த்த சிறுமி, "தொட்டிதான் தண்ணியாயிடுது" என்றாள். ஒவ்வொரு தாளும் தொட்டியிலிருந்து நாரை எடுத்துப்போகிறது. தண்ணீரோ வடிந்து தொட்டிக்கே திரும்புகிறது. அடுத்த முறை இரண்டு தாளுக்கு ஒரு கைப்பிடி கூழ் சேர்த்துக் கலக்கினார்கள். நான்காவது தாள் கிழியாமல் வந்தது.

"எங்க பட்டறையில கிழிஞ்ச தாளுக்குக் கூலி கிடையாதும்மா" என்றார் பாட்டி என்னிடம்.

கேட்டதும் கொதித்துப்போனேன். ஈரத்தில் கிழிந்த தாள் தொட்டிக்கே போய்க் கூழாகிவிடும். முதலாளிக்குக் காகிதம் நஷ்டமில்லை. நஷ்டமானது தாளை அள்ளிய பெண்ணின் உழைப்பு மட்டும்தான். வேளைக்குக் கூழ் சேர்க்காமல் விட்டது யார் என்று எந்த நோட்டும் சொல்லவில்லை. தேறிய தாளை மட்டும் எண்ணும் கணக்கில், தொட்டியின் குறை அள்ளுகிறவர் கூலியில்தான் பிடிக்கப்படும். ஒன்பது வயதுப் பிள்ளைகள் கிழிந்த தாளுக்கும் ஒரு வரி எழுதியதால்தான் அந்தப் பையன்மேல் விழுந்த பழி நீங்கியது. பட்டறைக் கணக்கிலும் அந்த வரி இருந்தாக வேண்டும்.