இரண்டு வாட்ஸ்அப்கள்

புணேயில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரைக் காகூ என்றே அழைப்பேன். தீபாவளிக்குச் சக்லியும் சிவ்டாவும் செய்து தம் இணையதளத்தில் விற்பவர். சென்ற ஆண்டு அவருடைய சுவரொட்டியின் கியூஆர் குறி, இன்ஸ்டாகிராம் பதிவு, வாட்ஸ்அப் செய்தி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அடையாளமிட்ட இணைப்புகளை அமைத்துக் கொடுத்தேன். செய்திக்குரிய இணைப்பு இவ்வாறு முடியும்:

```
?utm_source=whatsapp&utm_medium=message&utm_campaign=diwali
```

இரு வாரங்களில் கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டிய விற்பனைகள்: சுவரொட்டி 9, வாட்ஸ்அப் 6, இன்ஸ்டாகிராம் 4. செய்தி அனுப்புவதற்கென ஊதியத்துக்கு அமர்த்திய பெண்ணை நிறுத்திவிடலாமா என்று காகூ கேட்டார். நானும் தலையசைத்தேன்.

அன்றிரவு அறிக்கையின் கீழ்வரிசையைக் கண்டேன்: `Whatsapp` 5. இரண்டாம் வாரச் செய்திக்கான இணைப்பில் நான் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தேன். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் அந்தக் கருவி வேறு வேறாகவே எண்ணும். உண்மையில் வாட்ஸ்அப் வழி வந்தவை 11.

மறுநாளே பெயர்களனைத்தையும் சிற்றெழுத்தில் ஓர் அட்டவணையாக எழுதி, இனி அதிலிருந்தே நகலெடுப்பதென முடிவு செய்தோம். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு முகவரியைக் கையால் தட்டச்சிட்டு வருபவரிடம் எந்த அடையாளமும் இராது. அவர் நேரடி வருகையாகவே பதிவாவார். ஆகவே அந்த 9 என்பதும் குறைந்தபட்ச எண்ணே.

களத்தரவை வகைப்படுத்தும் நாம் அறிந்ததுதான்: எண்ணுவதற்கு முன்பே, பெயரிடும்போதே பிழை நுழைந்துவிடுகிறது. இம்முறை அது ஒருவரின் வேலையைப் பறித்திருக்கும்.