பந்தியிலிருந்து பின்னோக்கி

பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு மண்டபத்தில் வரவேற்பு. அங்கே மைக் பிடிப்பது என் வேலை. தாளை எடுத்ததும் நான் வரவேற்புரை எழுதுவதில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய், “அண்ணாச்சி, முதல் பந்திக்கு எப்ப இலை போடலாம்?” என்பேன்.

“ஒரு மணிக்குப் போட்டிருவேன். சோறு ஆறுறதுக்குள்ள ஆளை அனுப்பிரும்.”

அந்த ஒரு மணியிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வருவேன். முடிவு ஜெபமும் ஆசீர்வாதமும் 12:55. நன்றியுரை 12:50. நாலு பேர் வாழ்த்துரைக்கு 20 நிமிடம், ஆக 12:30. கேக்கும் மாலையும் 12:20. ஆரம்ப ஜெபம், ஒரு பாட்டு. மணமக்கள் 12:10-க்கு வாசலில் நிற்க வேண்டும்.

நிற்க மாட்டார்கள். போட்டோக்காரர் கோயில் வாசலிலேயே பிடித்து வைத்திருப்பார். அதனால் தாளில் மணிக்குப் பக்கத்தில் ஓர் அடையாளமும் எழுதுவேன்: ‘இரண்டு பேரையும் கண்ணால் பார்த்த பிறகு’. அதற்கப்புறம்தான், “மணமக்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள், எழுந்து நின்று வரவேற்போம்.” ‘இன்னும் ஐந்து நிமிடத்தில் வருகிறார்கள்’ என்று வாய்விட்டால் கூட்டம் கழுத்தைத் திருப்பியபடியே கிடக்கும். கேக்குக்கும் இதே கதைதான். மேசையில் கத்தி இருக்கிறதா என்று பார்க்காமல் அழைக்கக் கூடாது.

ஒரு கல்யாணத்தில் 12:35-க்குத்தான் வந்தார்கள். 25 நிமிடம் போச்சு. எதை வெட்டுவது என்று அந்த நேரத்தில் யோசித்தால் சண்டை வரும். முந்தின நாளே இரு வீட்டாரிடமும், “உங்க பக்கம் கட்டாயம் பேச வேண்டியவர் ஒருத்தர் பேர் சொல்லுங்க” என்று வாங்கி, தாளில் கோடிட்டிருந்தேன். அந்த இருவர் மட்டும் பேசினார்கள். 10 நிமிடம் மிச்சம். பாட்டைப் பந்தி நேரத்துக்குத் தள்ளியதில் 5, நன்றியுரையைச் சுருக்கியதில் 3. இலை போட்டது 1:07-க்கு.

பேச அழைக்கும்போது ‘சில வார்த்தைகள்’ என்று சொல்வதை விட்டுவிட்டேன். அப்படிச் சொன்னால் பெண்ணின் ஞானஸ்நானத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். “மாமா மூன்று நிமிடத்தில் வாழ்த்துவார்கள்” என்றால் எல்லார் காதிலும் அது விழுந்துவிடும், மாமா காதிலும்.

நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. நன்றியுரை முடிந்த வேகத்தில், “ஆசீர்வாதத்துக்குப் பிறகு சாப்பாடு தயார்” என்றேன். கடைசி வார்த்தை மட்டும்தான் கூட்டத்துக்குக் கேட்டது. ஐயர் கையை உயர்த்தியபோது பாதி நாற்காலி காலி.

இப்போது ஆமென் கேட்கும்வரை சாப்பாடு என்ற சொல்லே என் தாளில் கிடையாது. அதன் பிறகும் எல்லாரையும் சேர்த்துக் கூப்பிடுவதில்லை. கூட்டம் 500 பேர், பந்தியில் 180 இலை. “முதலில் வயதானவர்கள், சுகர் உள்ளவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். அடுத்து மேடைக்கு இடதுபக்க வரிசைகள். வலதுபக்கத்தார் மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இலை போட்டதும் நானே கூப்பிடுகிறேன்.”

கூப்பிடுவதற்கு முன் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன், எச்சில் இலை எடுத்தாயிற்றா என்று.