வௌவாலைப் பற்றிக் கேட்ட மாணவிக்கு, காலம் கடந்த பதில்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"பறவைகள் எவ்வாறு பறப்பதற்கு ஏற்ற தகவமைப்பைப் பெற்றுள்ளன?" இரண்டு மதிப்பெண் கேள்வி. "எலும்புகள் உள்ளீடற்றவை. ஆகவே உடல் எடை குறைவு" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன், நீங்களும் மனப்பாடம் செய்வீர்கள். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "சார், வௌவாலுக்கு அப்படி எலும்பு இல்லைன்னு போன பாடத்துல சொன்னீங்களே, அது எப்படிப் பறக்குது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், "பாடத்தைக் கவனி, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அதை நான் மறக்கவில்லை.

அந்தக் கேள்வி போன ஜனவரியில் மறுபடி வந்தது. இந்த முறை கேட்டது என் அண்ணன்.

அண்ணன் இளவயதில் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். பீடியும் உண்டு. எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம். வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்கும். "வெளியே எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க, வீட்டுக்குள்ளேயே கிடக்காரு" என்று மதினி சொன்னதால், காரில் சிலிண்டரை வைத்துக்கொண்டு வெம்பக்கோட்டையிலிருந்து கூந்தன்குளம் போனோம். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் உள்ள பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர்.

குளக்கரையில் காரை நிறுத்தினோம். தூரத்தில் சாம்பல் நிற வாத்துகள் ஒரு கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டைகள். வரித்தலை வாத்து. திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி நம் நாட்டுக்கு வருபவை. அதைச் சொன்னதும் அண்ணன் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இமயமலையைத் தாண்டியா? இதுக்கெல்லாம் மூச்சு வாங்காதாடா தம்பி?" என்றார்.

முதலில் நம் நுரையீரலைப் பார்ப்போம். அது ஒரே வாசல் உள்ள வீடு. உள்ளே போன வழியாகத்தான் காற்று வெளியே வர வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்றை இழுக்கிறோம். ஆனால் மூச்சை விட்ட பிறகும் உள்ளே 2 லிட்டருக்கு மேல் பழைய காற்று தங்கியிருக்கும். புதுக்காற்று அந்தப் பழையதோடு கலந்துதான் இரத்தத்தைச் சேர்கிறது. அண்ணனுக்கு வந்த நோயில் காற்றை வெளியே தள்ளும் சக்தி குறைந்துவிட்டது. அதனால் பழையது இன்னும் அதிகமாகத் தங்குகிறது. டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இவருக்கு இழுக்கிறதைவிட விடுறதுதான் கஷ்டம்" என்றது இதைத்தான்.

பறவையின் நுரையீரல் இரண்டு வாசல் உள்ள வீடு. அது விரிவதே இல்லை. கறிக்கடையில் கோழியை இரண்டாகப் பிளக்கும்போது பாருங்கள். முதுகுப் பக்கம் விலா எலும்புகளுக்கு இடையே இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், விலாவின் தடம் அதில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அதுதான் நுரையீரல். காற்றை இழுத்துத் தள்ளும் வேலையைச் செய்பவை அதைச் சுற்றியுள்ள மெல்லிய காற்றுப் பைகள். பெரும்பாலான பறவைகளுக்கு 9 பைகள். கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலுக்குப் பின்னால் ஒரு துருத்தித் தொகுதி, முன்னால் ஒரு தொகுதி.

பறவை முதல் முறை மூச்சை இழுக்கும்போது புதுக்காற்றின் பெரும்பகுதி பின்பைகளுக்குப் போகிறது. மூச்சை விடும்போது அந்தக் காற்று நுரையீரலின் நுண்குழாய்கள் வழியாக முன்னோக்கி ஓடுகிறது. ஆக்சிஜன் இரத்தத்தில் ஏறுவது இங்கேதான். இரண்டாவது முறை இழுக்கும்போது, ஆக்சிஜன் குறைந்த காற்று முன்பைகளுக்கு நகர்கிறது. இரண்டாவது முறை விடும்போது வெளியேறுகிறது. ஒரு மூச்சுக்காற்று உள்ளே வந்து வெளியே போக இரண்டு சுற்று. நுரையீரலுக்குள் காற்று எப்போதும் ஒரே திசையில்தான் ஓடும். அங்கே பழையது தேங்க இடமில்லை. இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலுக்குக் காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது எலும்புக்கு வருகிறேன். அந்தக் காற்றுப் பைகளின் கிளைகள் சில எலும்புகளுக்குள் நுழைந்துவிடும். கோழி ரெக்கையில் தோளை ஒட்டிய எலும்பை உடைத்தால் உள்ளே காலியாக இருக்கும், தோள் மூட்டுப் பக்கம் ஒரு சிறு துளையும் தெரியும். கால் எலும்பை உடைத்தால் மஜ்ஜை இருக்கும். ஆக, எல்லா எலும்பும் உள்ளீடற்றது இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹன்டர் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஒரு பறவையின் மூச்சுக்குழாயைக் கட்டி, ரெக்கை எலும்பை வெட்டிப் பார்த்தார். வெட்டிய எலும்பு வழியாகவே அது மூச்சு விட்டது. பாவம் அந்தப் பறவை. ஆனால் எலும்பும் மூச்சும் ஒரே வழியில் இணைந்தவை என்பது அதனால் தெரிந்தது.

"ஆகவே எடை குறைவு" என்று எழுதிப் போட்டேனே, அது தவறு. அதே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால் பறவையின் எலும்புக்கூடு எடையில் குறைந்தது இல்லை. எலும்புப் பொருளே பறவையில் அடர்த்தி அதிகம். குழாயாக இருப்பதால் வளையாமல் தாங்குகிறது, அவ்வளவுதான். பறப்பதற்குக் காற்றுப் பை கட்டாயம் இல்லை. அது இல்லாமலேயே வௌவால் பறக்கிறது. காற்று மெலிந்த உயரத்தில் இறக்கையை அடித்துக்கொண்டே போவதற்குத்தான் அந்த ஒருவழி மூச்சு கைகொடுக்கிறது.

அதுவும் தனியாகப் போதாது. கோழிக்கும் இதே ஏற்பாடு உண்டு, அது கூரையைத் தாண்டாது. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதி. அங்கே கிடைக்கும் கொஞ்ச ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும் ஹீமோகுளோபின் வரித்தலை வாத்துக்கு இருக்கிறது. மற்ற வாத்துகளைவிட நுரையீரலும் பெரிது. எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன், அதையும் திருத்திக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில் பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். பயணத்தில் பெரும்பகுதி 6,000 மீட்டருக்குக் கீழேதான். மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஏறி இறங்கி, காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் கடக்கின்றன.

இதையெல்லாம் அண்ணனிடம் காருக்குள் உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு ரெண்டு வாசல், நமக்கு ஒண்ணு" என்றார். பிறகு, "இருக்கிற ஒண்ணையும் நான்தான் அடைச்சேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது சங்கரன்கோவில் தாண்டும்வரை தூங்கிக்கொண்டே வந்தார்.

கடைசி பெஞ்சில் கேள்வி கேட்ட மகளே, இந்தப் பதிவு உன் கண்ணில் பட வேண்டும். உன் கேள்வி சரி. உட்காரச் சொன்னது என் தவறு. மற்றவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கினால் அந்த ரெக்கை எலும்பை உங்கள் பிள்ளைகளுக்கு உடைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
வெம்பக்கோட்டை