படுத்துக்கொண்ட இதயம்

இரண்டாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட். அர்டுயினோ ஊனோவில் ஒரு குட்டி கேம் செய்தோம். கோடு என் பொறுப்பு, வயரிங் என் ரூம்மேட் பொறுப்பு. உயிர் எத்தனை மிச்சம் என்று காட்ட ஓ.எல்.இ.டி. திரையின் மூலையில் ஒரு சின்ன இதயம் வரவேண்டும். ரிவ்யூவுக்கு முந்தைய இரவு இதயம் வந்தது. ஆனால் கூர் முனை கீழே இல்லாமல் வலது பக்கம் பார்த்துப் படுத்திருந்தது.

"டேய், வயரை மாத்திக் குத்திட்டியா?" என்று கத்தினேன். அவன் ஒண்ணும் பேசவில்லை. நாலு ஜம்பர் வயரையும் பிடுங்கி மறுபடி குத்தினான். அதே படுத்த இதயம்தான். நான் விடாமல் அவனையே திட்டிக்கொண்டிருந்தேன்.

தப்பு என்னுடையது. அந்த இதயத்தை நான் கட்டம் போட்ட நோட்டில் 8×8 கட்டத்தில் வரைந்திருந்தேன். நிரப்பிய கட்டம் 1, காலி கட்டம் 0. ஒரு வரிசைக்கு எட்டு பிட், அதாவது ஒரு பைட். மொத்தப் படமும் எட்டே எண்கள்:

```
01100110  0x66
11111111  0xFF
11111111  0xFF
01111110  0x7E
00111100  0x3C
00011000  0x18
00000000  0x00
00000000  0x00
```

முந்தைய செமஸ்டரில் இதே எட்டு எண்களை Adafruit GFX லைப்ரரியின் `drawBitmap()`-க்குக் கொடுத்தபோது இதயம் ஒழுங்காக நின்றது. இந்த முறை லைப்ரரி கூடாது, SSD1306 சிப்புக்கு நேராக டேட்டா அனுப்ப வேண்டும் என்பது கண்டிஷன். நான் பழைய எண்களை அப்படியே காப்பி அடித்தேன்.

அந்தச் சிப் ஒரு பைட்டைப் படுக்கைவாட்டில் வைப்பதில்லை, செங்குத்தாக வைக்கிறது. 128×64 திரையை எட்டு எட்டு வரிசையாக வெட்டி, எட்டு 'பேஜ்' என்கிறது. ஒரு பைட் என்பது ஒரு பேஜுக்குள் மேலிருந்து கீழாக எட்டுப் புள்ளி. பிட் 0 மேலே, பிட் 7 கீழே. என் முதல் வரிசை அங்கே போய் முதல் நெடுவரிசையாக நின்றது. வரிசையின் இடது ஓரப் புள்ளி பிட் 7, அதனால் அது அடியில் போனது. மொத்தப் படமும் இடப்பக்கமாக 90 டிகிரி சாய்ந்துவிட்டது.

யோசித்தால் அப்போதே தெரிந்திருக்கும். வயர் தப்பாக இருந்தால் திரை இருண்டு கிடக்கும், இல்லை கன்னாபின்னாவென்று புள்ளி வரும். ஒரு புள்ளிகூடச் சிதறாமல் அழகாகத் திரும்பிய இதயத்தை எந்த லூஸ் வயரும் வரையாது. எண்கள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. படிக்கிற முறைதான் வேறு.

சரி, வரிசையை நெடுவரிசையாக மாற்றலாம் என்று லூப் எழுதினேன். கடைசி வரியில் `0x80 >> y` என்று போட்டதால், மேல் புள்ளி பிட் 7-க்குப் போய் இதயம் தலைகீழாக வந்தது. திருத்திய பிறகு இப்படி:

```c
// col[] முதலில் எல்லாம் 0
for (x = 0; x < 8; x++)
  for (y = 0; y < 8; y++)
    if (row[y] & (0x80 >> x))
      col[x] |= 1 << y;
```

இப்போது அதே இதயத்துக்கு எண்கள் 06, 0F, 1F, 3E, 3E, 1F, 0F, 06. இதயம் நிமிர்ந்து நின்றது. நான் லேப்டாப்பை மூடப் போனேன்.

ரூம்மேட் அப்போதுதான் வாயைத் திறந்தான். "இதயம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு? இடம் வலம் மாறியிருந்தா உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த எட்டு எண்களைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள், அதே வரிசைதான் வரும். கண்ணாடியில் திருப்பினாலும் மாறாத படத்தை வைத்து நான் டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். அவன் நோட்டை வாங்கி ஒரு 'ட' வரைந்தான். செங்குத்துக் கோடு ஏழு கட்டம், அடிக்கோடு நாலே கட்டம். இரண்டும் ஒரே நீளம் என்றால் அதுவும் ஒரு வகைத் திருப்பத்தில் மாறாமல் ஏமாற்றும். நீளம் வேறு என்றால் எப்படித் திருப்பினாலும், எப்படிக் கவிழ்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

'ட' சரியாகவே வந்தது. அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் ரிவ்யூவில், "0x66-ன்னா என்னப்பா?" என்று சார் கேட்டார். இதயத்தின் மேல் வரிசை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரூம்மேட், "எந்தப் பக்கமா படிக்கிறோம்கிறதைப் பொறுத்து சார்" என்றான். சார் சிரித்தார். நான் அவனைப் பார்த்தேன்.

முந்தைய ராத்திரி கேட்க வேண்டிய சாரியை அன்று கேன்டீனில் கேட்டேன். டீ என் கணக்கு.